இரண்டு பேர், மூன்று நாற்காலி

மருத்துவ மாணவர்கள் 'ஆஸ்கி' என்று சொல்லும் தேர்வில் வினாத்தாள் கிடையாது. வரிசையாக அறைகளோ திரை போட்டுப் பிரித்த தடுப்புகளோ இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஸ்டேஷன் என்று பெயர். மணி அடித்ததும் உள்ளே போக வேண்டும். ஓர் அறையில் நெஞ்சுவலி என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். அடுத்ததில் பிளட் பிரஷர் பார்த்துக் காட்டச் சொல்வார்கள். இன்னொன்றில், குழந்தைக்கு இன்ஹேலர் எப்படிக் கொடுப்பது என்று ஒரு தாய்க்கு விளக்க வேண்டும். மறுபடி மணி அடித்தால், பாதி வாக்கியத்தில் இருந்தாலும் எழுந்து அடுத்த கதவுக்குப் போய்விட வேண்டும்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் 1975-இல் இந்த முறையை வெளியிட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் செய்முறைத் தேர்வில் ஒருவருக்கு எளிய நோயாளியும் இளகிய தேர்வாளரும் வாய்ப்பார்கள். அடுத்தவருக்கு இரண்டுமே நேர்மாறாக அமையும். எல்லோருக்கும் ஒரே நோயாளி, ஒரே வேலை, ஒரே மதிப்பெண் தாள் என்று வைத்தால் அந்த அதிர்ஷ்டக் கணக்கு குறையும் என்பதுதான் ஹார்டனின் யோசனை. இன்று நம் கல்லூரிகளிலும் இது வந்துவிட்டது. இங்கிலாந்தில் வேலை பார்க்க விரும்பும் வெளிநாட்டு டாக்டர்கள் எழுதும் பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதி முழுக்க இதே பாணிதான்: 16 ஸ்டேஷன்கள், ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம், உள்ளே போகுமுன் கேள்வியைப் படிக்க ஒன்றரை நிமிடம்.

இதற்குத் தனியாக உட்கார்ந்து படித்துத் தயாராக முடியாது. வாய் பேச வேண்டும், எதிரில் ஒரு முகம் இருக்க வேண்டும். ஆகவே மாணவர்கள் ஜோடி சேர்கிறார்கள். ஹாஸ்டல் அறையில் இரண்டு பேர், ஒரு கட்டில், ஒரு போன். சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. தேர்வு அறையில் இருப்பவர்கள் மூன்று பேர்: தேர்வு எழுதுபவர், நோயாளி, ஓரமாக உட்கார்ந்து மதிப்பெண் போடுபவர். இங்கே இருப்பதோ இரண்டு பேர். மூன்றாவது நாற்காலியை எப்படி நிரப்புவது என்பதைத் தீர்க்காமல் தொடங்கும் ஜோடிகள் மாதக்கணக்கில் பேசுவார்கள். பெரிய முன்னேற்றம் இருக்காது.

வழக்கமாக நடப்பதைப் பார்ப்போம். நண்பர் ஒரு கையில் செக்லிஸ்ட்டையும் மறு கையில் பேனாவையும் வைத்துக்கொண்டு நோயாளியாகவும் நடிக்கிறார். எதிரில் இருப்பவர் கேள்வி கேட்கும்போது இவர் குனிந்து டிக் போட்டுக்கொண்டிருக்கிறார். பதில் தாமதமாக வருகிறது, அதுவும் தாளைப் படிக்கிற குரலில். இதைவிட மோசம், ஒரு கேள்வி விடுபட்டுப்போனால் பேனா அந்த வரியின் மேலேயே நிற்கும். எதிரில் இருப்பவர் அதைப் பார்த்துவிடுவார். 'ஓ, இன்னும் ஏதோ பாக்கி' என்று அவருக்குப் புரிந்துவிடும். தேர்வு நாளில் அப்படி யாரும் பேனாவை நிறுத்திக் காட்ட மாட்டார்கள்.

நான் ஜோடிகளுக்குச் சொல்வது இதுதான். அந்த எட்டு நிமிடமும் நண்பர் நோயாளி மட்டுமே. கையில் தாள் கூடாது, பேனா கூடாது. மூன்றாவது நாற்காலியில் போன் உட்காரட்டும்: அலமாரியில் சாய்த்து வைத்து, இரண்டு முகமும் தெரியும்படி வீடியோ எடுத்துவிடுங்கள். மணி அடித்த பிறகு நண்பர் நோயாளி வேடத்தைக் களைந்து தேர்வாளராகிறார். நினைவிலிருந்து இரண்டு நிமிடத்தில் செக்லிஸ்ட்டைப் போடுகிறார். கேட்டாரா கேட்கவில்லையா என்று சந்தேகம் வரும் வரிகளை மட்டும் வீடியோவில் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். செக்லிஸ்ட் பதினைந்து வரிக்குள் இருந்தால் இது கஷ்டமே இல்லை. அதற்கு மேல் போனால்தான் நினைவு தடுமாறும்.

இனி தாள்கள். ஒரு ஸ்டேஷனுக்கு மூன்று தாள் வேண்டும். முதலாவது, கதவில் ஒட்டும் தாள்: இரண்டே வரி. இரண்டாவது, நோயாளியின் தாள். மூன்றாவதுதான் செக்லிஸ்ட். மூன்றையும் ஒருவரே எழுதி, அவரே நோயாளியாக நடிக்க வேண்டும். மற்றவர் கதவுத் தாளைத் தவிர எதையும் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. பலர் செக்லிஸ்ட்டுக்கு மட்டும் உழைக்கிறார்கள். நோயாளியின் தாளை எழுதுவதே இல்லை. ஸ்டேஷனின் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை முழுதாக எடுத்துக்கொள்வோம். கதவுத் தாள்: '27 வயதுப் பெண். மூன்று மாதமாக அடிக்கடி தலைவலி. விசாரித்து, உங்கள் கருத்தையும் அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் அவருக்கு விளக்குங்கள்.' இந்தப் பெண்ணுக்கு இருப்பது மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி. அதிலும் 'ஆரா' என்கிற முன்னறிகுறியோடு வருகிற வகை: வலிக்கு முன்னால் அரை மணி நேரம் கண்ணில் வளைந்து வளைந்து ஒளிக்கோடுகள் தெரியும். மாதவிடாய் ஒழுங்காக வராததற்காக ஆறு மாதமாக ஈஸ்ட்ரோஜன் கலந்த ஹார்மோன் மாத்திரையும் சாப்பிட்டு வருகிறார். கருத்தடைக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். ஆராவோடு வரும் மைக்ரேன் உள்ளவர்களுக்கு இது ஆகாது. மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டு பக்கவாதம் வரும் ஆபத்தை இரண்டும் சேர்ந்து கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் எந்த வயதிலும் இந்தச் சேர்க்கையைத் தவிர்க்கவே சொல்கிறது. இந்த ஒன்றைக் கண்டுபிடித்தாரா என்பதில்தான் ஸ்டேஷன் நிற்கிறது.

நோயாளியின் தாளை மூன்று பகுதியாகப் பிரித்து எழுதுங்கள். முதல் பகுதி, கேட்காமலே சொல்வது: 'தலை ஒரு பக்கமா விண்விண்ணுன்னு தெறிக்குது டாக்டர், வாந்தி வர்ற மாதிரி இருக்கு, ஆபீஸுக்கே போக முடியல.' இரண்டாம் பகுதி, குறிப்பாகக் கேட்டால் மட்டும் சொல்வது: கண்ணில் தெரியும் கோடுகள், வெளிச்சம் பட்டால் எரிச்சல், மாதவிடாய்க்கான மாத்திரை. மூன்றாம் பகுதி, அவரைப் பேசவிட்டு, அவர் சொன்னதைக் காதில் வாங்கினால் மட்டும் வெளிவருவது: சித்தப்பா மூளைக்கட்டியில் இறந்தார், தனக்கும் அதுதானோ என்ற பயம். இந்தப் பயத்துக்கு ஒரு துப்பு வைக்க வேண்டும். 'எங்க வீட்ல எல்லாரும் ஸ்கேன் எடு எடுன்னு சொல்றாங்க' என்று நோயாளி ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். 'ஏன் அப்படிச் சொல்றாங்க?' என்று எதிரில் இருப்பவர் கேட்டால் கதவு திறக்கும். கேட்காமல் அடுத்த கேள்விக்குத் தாவினால் அந்த விஷயம் கடைசிவரை வெளியே வராது.

இங்கே நண்பர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: இரக்கப்படுவது. எட்டாவது நிமிடம் நெருங்குகிறது, தோழி மாத்திரை பற்றிக் கேட்கவே இல்லை என்றதும், நோயாளியாக இருப்பவர் 'மாத்திரை கூட ஒண்ணு சாப்பிடுறேன்…' என்று எடுத்துக்கொடுத்துவிடுவார். கொடுக்கக் கூடாது. இதே பெண் உண்மையில் ஓ.பி.க்கு வந்தால் எப்படிப் பேசுவார் என்று யோசியுங்கள். 'வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?' என்றால் 'இல்ல டாக்டர்' என்றுதான் சொல்வார். பொய் சொல்லவில்லை. அவருக்கு அது 'பீரியட்ஸ் மாத்திரை'; தலைவலிக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. கல்யாணமாகாத பெண் என்றால், அம்மா பக்கத்தில் நிற்கும்போது சொல்லத் தயக்கமும் இருக்கும். ஆகவே தாளில் இப்படியே எழுதிவிடுங்கள்: 'வேறு மாத்திரை உண்டா என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்று சொல். மாதவிடாய் பற்றியோ ஹார்மோன் மாத்திரை பற்றியோ கேட்டால் சொல்.'

இன்னொரு நோய், நோயாளி மருத்துவ பாஷை பேசுவது. நடிப்பவரும் மாணவர் என்பதால் 'போட்டோஃபோபியா இருக்கு' என்று வாய் தவறி வந்துவிடும். நோயாளியின் வரிகளை வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதி வைத்தால் இது தானாகக் குறையும். தேர்வு ஆங்கிலத்தில் என்றால் அந்த வரிகளையும் சாதாரண ஆங்கிலத்தில் எழுத வேண்டியதுதான்.

இப்போது செக்லிஸ்ட். ஒவ்வொரு வரியும் கண்ணால் பார்க்கவோ காதால் கேட்கவோ கூடியதாக இருக்க வேண்டும். 'நோயாளியிடம் பரிவோடு நடந்துகொண்டார்' என்று எழுதினால் இருவரும் இரண்டு விதமாக டிக் போடுவார்கள். 'ஸ்கேன் பற்றி நோயாளி சொன்னதும் அதைப் பற்றி மேலும் கேட்டார்' என்று எழுதினால் சண்டையே வராது. 'ஆரா பற்றி விசாரித்தார்' என்பதும் போதாது. 'வலிக்கு முன் பார்வையில் மாற்றம் உண்டா என்று கேட்டார். எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்றும் கேட்டார்' என்பதே முழுமை. அந்த நேரம் முக்கியம்: ஆரா பொதுவாக ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை மெல்லப் பரவும், நொடியில் பார்வை போவது வேறு கதை.

இந்த ஸ்டேஷனுக்கான மற்ற வரிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டது. முதல் கேள்வியைத் திறந்த கேள்வியாகக் கேட்டு, குறுக்கிடாமல் பேசவிட்டது. வலியின் இடம், தன்மை, மாதத்தில் எத்தனை நாள். அபாய அறிகுறிகள்: இடி விழுந்தாற்போல் திடீரென்று தொடங்கியதா, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் உண்டா, கை கால் பலவீனம் உண்டா, இருமினாலோ படுத்தாலோ கூடுகிறதா. வலி மாத்திரை மாதத்தில் எத்தனை நாள், ஏனென்றால் அதிகமாகச் சாப்பிட்டால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும். மாதவிடாயும் ஹார்மோன் மாத்திரையும். புகைப்பழக்கம். அவருடைய பயம். பிறகு விளக்கம்: இது என்ன, அந்த மாத்திரையை ஏன் நிறுத்த வேண்டும், மாற்றுக்கு மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டியது ஏன், முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பது. கடைசியாக, புரிந்ததா என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டது.

செக்லிஸ்ட்டுக்கு ஒரு எல்லை உண்டு, அதை மறந்துவிடக் கூடாது. டொராண்டோவில் பிரையன் ஹாட்ஜஸும் சகாக்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பலரையும் யோசிக்க வைத்தது. அனுபவமுள்ள டாக்டர்கள் செக்லிஸ்ட்டில் பயிற்சியாளர்களைவிடக் குறைவாகவே வாங்கினார்கள். ஒட்டுமொத்தத் திறமைக்குத் தேர்வாளர்கள் போட்ட மதிப்பில் அவர்கள்தான் முன்னே இருந்தார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். தெரிந்தவர் மூன்று சரியான கேள்வியில் விஷயத்தைப் பிடித்துவிடுகிறார்; தெரியாதவர் முப்பதையும் கேட்கிறார், ஒவ்வொன்றுக்கும் டிக் விழுகிறது. ஆகவே டிக்குகளோடு கூட, தாளின் அடியில் நண்பர் தனியாக ஒரு மதிப்பு போடட்டும்: தேறவில்லை, எல்லையில் நிற்கிறார், தேறினார், நன்றாகச் செய்தார். பதினைந்துக்குப் பன்னிரண்டு டிக் வாங்கியும் 'எல்லையில்' என்று தோன்றினால், அந்த இடைவெளியைப் பற்றித்தான் அன்றைக்குப் பேச வேண்டும். பிளாப் தேர்விலும் டிக் எண்ணிக்கையை நம்பியில்லை. விசாரித்து ஆராய்வது, சிகிச்சையைத் தீர்மானிப்பது, மனிதரோடு பழகுவது என்ற மூன்று தலைப்பில், ஒவ்வொன்றுக்கும் நான்கு வரை மதிப்பெண்.

நேரத்துக்கு வருவோம். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒன்றரை நிமிடம் கதவுக்கு வெளியே நின்று தாளைப் படிப்பது. உட்கார்ந்துகொண்டே படிக்காமல் உண்மையிலேயே அறைக்கு வெளியே போய் நின்று படியுங்கள். உள்ளே நுழைவது, உட்காருவது, முதல் வார்த்தை எல்லாமே பயிற்சிக்கு உரியவை. எட்டு நிமிடம் ஸ்டேஷன். இரண்டு நிமிடம் மதிப்பெண். மீதி பேசுவதற்கும் திரும்பச் செய்வதற்கும். போனில் ஆறாவது நிமிடத்துக்கு ஒரு சின்ன ஒலி, எட்டாவது நிமிடத்துக்கு மணி. மணி அடித்தபின் 'ஒரே ஒரு நிமிஷம், முடிச்சிடறேன்' என்பதற்கு இடமே கிடையாது. அந்த ஒரு நிமிடத்தில் சொன்னதற்கு டிக்கும் கிடையாது.

பெரும்பாலோர் அறிவுக் குறைவால் தோற்பதில்லை. விசாரிப்பதிலேயே ஆறரை நிமிடம் போய்விடுகிறது. கடைசி ஒன்றரை நிமிடத்தில் நோய், மருந்து, எச்சரிக்கை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டுகிறார்கள். வீடியோவை ஓடவிட்டு, விசாரணை எந்த நிமிடத்தில் முடிந்தது என்று மட்டும் குறித்து வையுங்கள். விளக்கமும் கேட்டிருக்கும் ஸ்டேஷனில் ஐந்தாவது நிமிடத்தை ஒட்டித் திரும்ப வேண்டும். தலைவலிப் பெண்ணின் விஷயத்தில் மாத்திரையை நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும், அவர் திருப்பிக் கேள்வி கேட்பார், சித்தப்பாவின் கட்டி பற்றிய பயத்துக்கு நேரடியாகப் பதில் வேண்டும். இதற்கெல்லாம் மூன்று நிமிடம் என்பது தாராளமில்லை.

புதிய வகை ஸ்டேஷனை முதன்முதலாகச் செய்யும்போது கடிகாரமே வேண்டாம். வரிசை கைக்கு வந்தபிறகு நேரம் வைக்கலாம். தேர்வு நெருங்கும்போது இதற்கு நேர்மாறாக, நான்கு ஸ்டேஷன்களை இடைவெளி விடாமல், ஒரு வார்த்தை விமர்சனமும் இல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓர் அறையில் சொதப்பியது அடுத்த அறைக்கும் தொற்றிக்கொள்ளும். அதை உதறிவிட்டு அடுத்த கதவின் தாளைப் படிப்பது தனித் திறமை. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பிறகு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தால் அது கைவராது.

மணி அடித்தபின் யார் முதலில் பேசுவது? தேர்வு எழுதியவரும் ஒரு வெற்றுச் செக்லிஸ்ட்டை வாங்கி, தனக்குத் தானே டிக் போட வேண்டும். இதை நண்பரின் தாளைப் பார்க்குமுன் செய்ய வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் ஒத்துப்போகிற வரிகளைத் தாண்டிவிடலாம். 'நான் கேட்டேன்' என்று அவரும், 'கேட்கவில்லை' என்று இவரும் சொல்லும் வரிகள்தான் தங்கம். வீடியோவில் பார்த்தால், கேட்டிருப்பார்; ஆனால் 'காய்ச்சல், வாந்தி, வலிப்பு, கை கால் பலவீனம் ஏதாவது?' என்று நான்கைச் சேர்த்து ஒரே மூச்சில் கேட்டிருப்பார். நோயாளி கடைசி வார்த்தைக்கு மட்டும் 'இல்ல' என்று சொல்லியிருப்பார்.

அடுத்து, நண்பர் தேர்வாளராகப் பேசுமுன் நோயாளியாகப் பேசட்டும். 'ஸ்கேன் பத்தி நான் சொன்னப்ப நீ தலையை ஆட்டிட்டு, புகை பிடிப்பீங்களான்னு கேட்ட. எனக்கு அதுக்கப்புறம் பேசவே தோணல.' செக்லிஸ்ட்டில் இதற்கு ஒரு டிக் குறையும், அவ்வளவுதான். இப்படிக் கேட்கும்போது மனதில் தைக்கும். 'எம்பதி பத்தல', 'கான்ஃபிடன்ஸ் வேணும்' போன்ற வார்த்தைகளால் பயனில்லை. கேட்பவர் நாளைக்கு எதை மாற்றிச் செய்வார்? எந்த நிமிடம், எந்த வார்த்தை, அதற்குப் பதில் என்ன சொல்லியிருக்கலாம் என்று மூன்றும் இருந்தால்தான் அது பயன்படும்.

சொல்வதற்குப் பத்து குறை இருக்கும். ஒன்றை மட்டும் எடுங்கள். எடுத்ததை உடனே, அதே இடத்தில் திரும்பச் செய்யுங்கள். முழு ஸ்டேஷன் வேண்டாம், அந்த இரண்டு நிமிடம் போதும். தலைவலி ஸ்டேஷனில் மாத்திரையை விட்டுவிட்டார் என்று வையுங்கள். 'அடுத்த முறை கேட்கிறேன்' என்று தலையாட்டி எழுந்துபோவதால் ஒன்றும் ஆகாது. நோயாளி மறுபடி உட்கார வேண்டும்.

'பீரியட்ஸ் எல்லாம் சரியா வருதாம்மா?'

'இப்ப வருது டாக்டர். முன்னாடி வராது, அதுக்கு லேடி டாக்டர் மாத்திரை குடுத்தாங்க.'

'அது ஹார்மோன் மாத்திரையா? எத்தனை மாசமா சாப்பிடுறீங்க? தலைவலி அதுக்கு முன்னாடியே இருந்துச்சா?'

மூன்று கேள்வியில் வந்துவிட்டது. 'வேற மாத்திரை?' என்ற பொதுக் கேள்வியால் வராத விஷயம் மாதவிடாய் வழியாக எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை வாயால் செய்து பார்த்தவருக்கு அது மறக்காது.

ஜோடியாகப் பயிற்சி செய்வதில் சில ஆபத்துகள் உள்ளன. இருவரும் ஒரே பாடத்தை ஒரே மாதிரி தவறாகப் புரிந்திருந்தால், ஒருவருக்கொருவர் டிக் போட்டுக்கொண்டே போவார்கள். ஆகவே செக்லிஸ்ட்டில் உள்ள மருத்துவ விஷயங்களைப் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள், நினைவிலிருந்து வேண்டாம். சில வாரங்களில் ஒருவருடைய பாணி மற்றவருக்குப் பழகிப்போகும். துப்பு எங்கே வரும் என்று முன்பே தெரியும். அப்போது ஜோடி மாற்றுங்கள், அல்லது மருத்துவம் படிக்காத ஒருவரை நோயாளியாக உட்கார வையுங்கள். வீட்டில் அக்காவோ அத்தையோ போதும். 'ஆரா', 'டிரிக்கர்' என்று பேசினால் 'அப்படின்னா என்ன?' என்று உடனே கேட்டுவிடுவார்கள். மூன்றாவது நாற்காலிக்கு ஆள் கிடைத்த அந்த நாளில் நண்பர் பேனாவைக் கையில் எடுக்கலாம்.

உடல் பரிசோதனை ஸ்டேஷன்களுக்கு இந்த முறை பாதிதான் உதவும். ஆரோக்கியமான நண்பரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் கைகழுவுவது, அனுமதி கேட்பது, எங்கே எந்த வரிசையில் வைப்பது, எதையெல்லாம் மறைத்து எதைத் திறப்பது எல்லாம் படியும். இதய முணுமுணுப்பு எப்படிக் கேட்கும் என்பது அங்கே கிடைக்காது. அதற்கு வார்டில்தான் காது பழக வேண்டும். ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது போன்றவற்றை நண்பரின் கையில் பயிற்சி செய்யவே கூடாது. கல்லூரியின் திறன் ஆய்வகத்தில் பொம்மைக் கை இருக்கும். ஸ்டேஷன் எழுத உண்மையான நோயாளியின் கதையை எடுத்தால், வயது, ஊர், வேலை, குடும்பம் எல்லாவற்றையும் அடையாளம் தெரியாதபடி மாற்றிவிடுங்கள். வீடியோக்களை அன்றைய பேச்சு முடிந்ததும் அழித்துவிடலாம். விசாரணை முடிந்த நிமிடம், எடுத்துக்கொண்ட அந்த ஒரே குறை, இரண்டையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால் போதும். அடுத்த வாரம் அதே ஸ்டேஷனை, நோயாளியின் வயதையும் மறைந்திருக்கும் பயத்தையும் மாற்றி மறுபடி ஓட்டும்போது, அந்த நோட்டின் வரிதான் முதல் செக்லிஸ்ட்.